ஆபரேஷன் முடிந்து நன்றி மன்றாட்டு எழுதப் போகும் தங்கச்சிக்கு

தங்கச்சி, பெரிய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு சொந்தக்காரர்கள் கேட்பது, "நன்றிப் பூசை எப்போ வைக்கப் போறீங்க?" என்பதுதான். பங்குச் சாமியிடம் தேதி கேட்கப் போனால், "நற்கருணைக்கு அப்புறம் நீயே ரெண்டு வார்த்தை எழுதி வாசிம்மா" என்று சொல்லிவிடுவார். நோட்டை எடுத்து உட்கார்ந்தால் "எல்லாம் வல்ல இறைவா, உமது அளவற்ற இரக்கத்துக்கு நன்றி" என்று முதல் வரி தானாக வந்துவிடும். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

நான் இதய அறுவை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பங்கில் பூசைக்கு வாசகம் வாசிப்பதும் உண்டு. அதனால் இந்த மாதிரி மன்றாட்டுகளை எழுதிக்கொண்டு "அக்கா, இது சரியா இருக்கா பாருங்க" என்று வருகிறவர்கள் அதிகம். எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: நடந்ததை நடந்தபடி எழுது, வாக்குக் கொடுக்கும்போது உன் உடம்பு தாங்குகிற வாக்கை மட்டும் கொடு.

இதை எப்படிச் செய்வது என்று என் சித்தி மகளின் மன்றாட்டை வைத்தே சொல்கிறேன். அவள் தஞ்சாவூர் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். நாற்பது வயதில் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், அதை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்தார்கள். அவள் முதலில் எழுதிய மன்றாட்டில் நான்கு வாக்கியம் இருந்தது:

"டாக்டர்கள் கைவிட்ட என்னை, ஆண்டவரே, நீர் சாவின் பிடியிலிருந்து மீட்டீர். என் விசுவாசத்தைப் பார்த்து அற்புதம் செய்தீர். இன்று நான் முழு சுகம் பெற்று நிற்கிறேன். உமக்கு நன்றியாக வேளாங்கண்ணியில் முழங்காலால் நடந்து மொட்டை போடுகிறேன்."

நான்கும் அவள் மனதார எழுதியவை. நான்கையும் நாங்கள் மாற்றினோம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. எழுத அவசரப்படாதே, குறிப்பு மட்டும் எடுத்து வை

ஐ.சி.யூ.வில் இருந்து வார்டுக்கு வந்ததும் எழுத உட்கார வேண்டாம். மயக்க மருந்தும் வலி மருந்தும் தெளியாத நேரம் அது. இதய ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்கு முதல் சில நாட்கள் இரவா பகலா என்றே தெரியாது, சுவரில் ஏதோ ஓடுவது போலக்கூடத் தெரியும். இது பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் அந்த நேரத்தில் பார்த்ததை நிஜமென்று மன்றாட்டில் எழுதிவிட்டால் பிறகு அதை எப்படிச் சொல்வது என்று உனக்கே சங்கடமாக இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் கவனம் நிற்காது, படித்த வரியையே மறுபடி படிப்பாய், காரணமில்லாமல் அழுகை வரும்.

அதனால் முதல் வாரங்களில் காலண்டர் தாளில் ஒரு வரி எழுதினால் போதும். "இன்று தனியாக பாத்ரூம் போனேன்." "பிசியோதெரபி தம்பி கொடுத்த குழாயை இழுத்தேன், இரண்டு பந்து மேலே வந்தது." இந்த வரிகள் மன்றாட்டுக்குப் பின்னால் உதவும். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பதால் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து எழுதாதே. நேராக உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் நோட்டை வை. பத்து நிமிஷம் எழுதிவிட்டு எழுந்து நட. மாதம் ஒன்று ஆனபின் முழுதாக எழுதத் தொடங்கலாம்.

ஒன்று கவனி. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், நன்றி என்ற நினைப்பே வராமல் இருந்தால் அது உன் விசுவாசக் குறைவு இல்லை. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு மனச்சோர்வு வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அடுத்த செக்கப்பில் அதையும் வாய்விட்டுச் சொல். பூசையைத் தள்ளி வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது.

2. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்

சித்தி மகளின் முதல் வாக்கியம் "டாக்டர்கள் கைவிட்ட என்னை". நான் அவளிடம் கேட்டது, "யாருடி கைவிட்டது?" யாரும் கைவிடவில்லை. எக்கோ எடுத்த டாக்டர்தான் வால்வு சுருங்கியிருப்பதைக் கண்டுபிடித்து, ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே என்று கண்டிப்பாகச் சொன்னவர். சாட்சிகளில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வாக்கியம் தானாக அவள் பேனாவில் வந்துவிட்டது.

பழகிய வாக்கியத்தை எடுத்துவிட்டால் அங்கே எதை வைப்பது? அதற்குத்தான் ஃபைலை எடுக்கச் சொல்கிறேன். ஆபரேஷன் குறிப்பில் இரண்டு நேரக் கணக்கு இருக்கும். பைபாஸ் டைம் என்பது, உன் இதயமும் நுரையீரலும் செய்கிற வேலையை ஹார்ட் லங் மெஷின் செய்துகொண்டிருந்த நேரம். கிராஸ் கிளாம்ப் டைம் என்பது, பெரிய ரத்தக்குழாயில் கிளாம்ப் போட்டு, இதயத்தை நிறுத்தி வைத்திருந்த நேரம். அவள் ஃபைலில் இரண்டாவது கணக்கு 72 நிமிஷம் என்று இருந்தது. அதைப் படித்துச் சொன்னதும், "அவ்வளவு நேரம் என் இதயம் துடிக்கவே இல்லையா?" என்று கேட்டாள். துடிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் "சாவின் பிடி" என்ற வார்த்தை தேவைப்படாது.

ஃபைலில் இல்லாததை வெளியே காத்திருந்தவர்களிடம் கேள். உன்னை எத்தனை மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள், யார் வந்து என்ன சொன்னார்கள், வீட்டார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியாது. ஆபரேஷன் நடந்த நாளைப் பொறுத்தவரை நீ சாட்சி இல்லை, அவர்கள்தான் சாட்சி. அவள் கணவர் சொன்னது: "ஜெபமாலை கையில இருந்துச்சு. ஆனா ஜெபமே வரல, சும்மா மணியை உருட்டிக்கிட்டே இருந்தேன்." அதுவும் மன்றாட்டுக்குள் வந்தது.

டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படாமல் கேட்டால் சில விஷயம் கிடைக்கும். புது வால்வைச் சுற்றிப் பாலியஸ்டர் துணியில் ஒரு வளையம் இருக்கும். அந்தத் துணியில்தான் ஊசி ஓட்டி, இதயத்தோடு சேர்த்துத் தைப்பார்கள். தையல்காரிக்கு இதைக் கேட்டபோது முகமே மாறிவிட்டது. அவளுடைய மன்றாட்டில் எல்லோருக்கும் நினைவில் நின்ற வரி அங்கிருந்துதான் வந்தது.

3. எசேக்கியா எழுதியதைப் பார்த்து வடிவம் எடுத்துக்கொள்

நோயிலிருந்து பிழைத்தவர் எழுதிய மன்றாட்டு விவிலியத்திலேயே இருக்கிறது. யூதாவின் அரசர் எசேக்கியா சாகக் கிடந்து, குணமான பிறகு எழுதியது எசாயா 38-ஆம் அதிகாரத்தில் 9-ஆம் வசனத்திலிருந்து 20 வரை உள்ளது. பூசைக்கு முன் அதை ஒருமுறை முழுதாகப் படி.

படிக்கும்போது அளவைக் கவனி. பாதிக்கு மேல் பட்ட பாட்டைத்தான் சொல்கிறார். பாதி வயதில் போக வேண்டியதாகிவிட்டதே என்ற பயம், ராத்திரி முழுக்கப் பட்ட வேதனை, கண் மங்கும் வரை மேலே பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம் அதில் இருக்கிறது. நன்றி கடைசியில்தான் வருகிறது. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கஷ்டத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டு, நன்றியை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எதிலிருந்து மீண்டாய் என்று கேட்பவர்களுக்குத் தெரியாவிட்டால், எதற்கு நன்றி சொல்கிறாய் என்றும் தெரியாது.

அதே அதிகாரத்தின் 21-ஆம் வசனத்தையும் விடாதே. இறைவாக்கினர் எசாயா அத்திப்பழ அடையை எடுத்து அரசரின் கட்டியின்மேல் வைத்துக் கட்டச் சொல்கிறார். ஜெபமும் நடந்தது, மருந்தும் போட்டார்கள். நம் விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரமும் இருக்கிறது. மருத்துவருக்கு உரிய மரியாதையைக் கொடு, மருந்தை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே என்ற கருத்து அதில் வருகிறது. ஆகவே டாக்டருக்கு நன்றி சொன்னால் ஆண்டவருக்குச் சேர வேண்டியதில் குறைந்துவிடுமோ என்று பயப்படாதே.

உன் மன்றாட்டை ஐந்து பகுதியாகப் பிரித்துக்கொள்: ஆண்டவரைக் கூப்பிடுவது, பட்ட பாடு, கேட்ட ஜெபம், கிடைத்த உதவி, கொடுக்கும் வாக்கு. திருப்பாடல்களில் நன்றிப் பாடல்கள் பலவும் கிட்டத்தட்ட இந்த வரிசைதான். 30-ஐயும் 116-ஐயும் படித்துப் பார்த்தால் தெரியும். பட்ட பாட்டில் நீ கேட்ட ஜெபத்தை, அன்று கேட்டபடியே எழுது. சித்தி மகள் "என்னைக் காப்பாற்றும்" என்று கேட்கவில்லையாம். "சின்னவள் பத்தாவது முடிக்கிற வரைக்குமாவது விடும்" என்றுதான் கேட்டாளாம். அதையே எழுதச் சொன்னேன்.

4. கண்ணில் படாதவர்களுக்கும் நன்றி சொல்

சர்ஜனின் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கும். மற்றவர்களை மறந்துவிடுவோம், ஏனென்றால் அவர்கள் வேலை செய்த நேரத்தில் நாம் மயக்கத்தில் இருந்தோம். தூங்க வைத்து, கடைசி வரை தலைமாட்டில் நின்று, எழுப்பிவிட்ட மயக்க மருந்து டாக்டர் இருக்கிறார். ஹார்ட் லங் மெஷினை ஓட்டிக்கொண்டு அதன் முன்னாலேயே இருந்தவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். கட்டில் விரிப்பு மாற்றிய ஆயாம்மா, இருமச் சொல்லித் தட்டிக்கொடுத்த இரவு ஷிப்ட் சிஸ்டர் என்று பட்டியல் நீளும். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்திருந்தால், வரி கட்டுகிற முகம் தெரியாத ஜனங்களும் அதில் உண்டு.

ரத்தம் கொடுத்தவர்களைத் தனியாகச் சொல். எத்தனை யூனிட் ஏற்றினார்கள் என்று சம்மரியில் இருக்கும். ஒரு யூனிட் என்பது ஒருவர் கையிலிருந்து எடுத்த 350 அல்லது 450 மில்லி. அவர் யாரென்று ரத்த வங்கி சொல்லாது, கேட்கவும் வேண்டாம். "பெயர் தெரியாத மூன்று பேர்" என்று எழுதினால் போதும், அது உண்மையும்கூட.

பத்துப் பதினைந்து பெயரை வாசித்தால் கோயிலில் யாருக்கும் மனதில் நிற்காது, ஒரு பெயர் விட்டுப்போனால் மனவருத்தமும் வரும். அதனால் பெயரை விட்டுவிட்டு, அவர் செய்த வேலையைச் சொல். பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு, செக்கப் போகும்போது மன்றாட்டின் ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடு. வார்டில் அதை ஒட்டி வைப்பார்கள். நாங்களும் ஒட்டி வைத்திருந்தோம்.

5. "என் விசுவாசம்" என்ற வார்த்தையை ஒருமுறை யோசி

இரண்டாவது வாக்கியம்: "என் விசுவாசத்தைப் பார்த்து அற்புதம் செய்தீர்." இதை எழுதும்போது அவள் பெருமையடிக்க நினைக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவும் விடிய விடிய ஜெபம் சொன்னவர்தான், அவர் வீடு திரும்பவில்லை. நீ வாசிக்கும் பூசையில், போன மாதம் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து சடலமாகக் கொண்டு வந்த ஒருத்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். உன் வாக்கியம் அவள் காதில் "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்றுதான் விழும்.

வாசிப்பதற்கு முன் அவளை மனதில் வைத்து ஒருமுறை படித்துப் பார். ஏன் நீ பிழைத்தாய் என்பதற்குக் காரணம் சொல்கிற வரி எதுவாக இருந்தாலும் அடித்துவிடு. பிழைத்தேன், நன்றி என்று சொல்லலாம். வீடு திரும்பாதவர்களுக்காக ஒரு வரி சேர்த்துக்கொள். அவர்களின் பெயரையோ, என்ன நோய் என்பதையோ சொல்லாதே. அது அவர்கள் வீட்டு விஷயம்.

6. "முழு சுகம்" என்று எழுதாதே

மூன்றாவது வாக்கியத்தில்தான் நர்ஸான எனக்கு அதிகப் பயம். மெட்டல் வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசெனோகூமராலோ ஆயுசு முழுக்க எடுக்க வேண்டும். ஐ.என்.ஆர். பரிசோதனை அடிக்கடி செய்து, மைட்ரல் இடத்தில் வைத்த மெட்டல் வால்வுக்கு வழக்கமாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள். உனக்கு எவ்வளவு என்று உன் டாக்டர் குறித்துக் கொடுத்திருப்பார், அதுதான் உன் கணக்கு. "முழு சுகம்" என்று கோயிலில் எழுந்து நின்று சொன்னவருக்கு, மறுநாள் மாத்திரையைப் பிரிக்கும்போது மனம் இடறும். "சொஸ்தமாயிட்டேன்னு சொல்லிட்டு மாத்திரை போடுறது விசுவாசக் குறைவு" என்று சொல்ல ஊரில் ஆளும் இருக்கும்.

மாத்திரையை நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து அது அசையாமல் போகலாம், கட்டி மூளைக்கும் போகலாம். அமைதியான அறையில் உனக்கே கேட்கும் டிக் டிக் சத்தம் மங்கினாலோ நின்றாலோ, மூச்சுத் திணறினாலோ, முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்தாலோ, ஜெபம் சொல்லிக்கொண்டே நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

ஆகவே "இதுவரை கொண்டு வந்தீர்" என்று எழுது. புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இதே கதைதான். பயாப்சி முடிவோ அடுத்த ஸ்கேனோ வராமல் "நோய் போய்விட்டது" என்று எழுத வேண்டாம். கட்டியை எடுத்தார்கள் என்பது நடந்தது, அதற்கு நன்றி சொல்லலாம். மிச்சத்தை வேண்டுதலாக வை.

7. நேர்ச்சையை உன் உடம்போடு ஒத்துப்பார்

நான்காவது வாக்கியம் முழங்காலும் மொட்டையும். வேளாங்கண்ணியில் மாதா குளத்துக்குப் போகிற மணல் பாதையில் முழங்காலால் நடக்கிறவர்களைப் பார்த்திருப்பாய். அவளுக்கும் அந்த ஆசை. ஆனால் ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர் முழங்காலை மணலிலும் கல்லிலும் தேய்த்தால் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிந்து வீங்கிவிடக்கூடும். மொட்டைக் கத்தி பட்டுக் கீறினால் ரத்தம் நிற்க நேரமாகும், சுத்தமில்லாத கத்தியாக இருந்தால் கிருமி போய் புது வால்வில் தங்கும் ஆபத்தும் உண்டு. நெஞ்செலும்பு நன்றாகக் கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை உருண்டு கொடுப்பது, கூட்டத்தில் தள்ளுமுள்ளு, கனமான மெழுகுவர்த்தித் தட்டைத் தூக்குவது எதுவும் கூடாது. தவக்காலத்தில் திடீரென்று கீரையும் சாறுமாக மாறுவதும் வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். கீரை சாப்பிடலாம், வாரா வாரம் ஒரே அளவாக.

"வாக்கு கொடுத்தாச்சே அக்கா, மாதாகிட்ட சொன்னதை மாத்தலாமா?" என்று அழுதாள். மாற்றலாம். திருச்சபைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தனிப்பட்ட முறையில் கொடுத்த வாக்கை, அதற்குச் சமமான அல்லது அதைவிட நல்ல செயலாக வாக்குக் கொடுத்தவரே மாற்றிக்கொள்ளலாம் என்று 1197-ஆவது சட்டம் சொல்கிறது. அதைவிடச் சிறியதாக மாற்ற வேண்டுமானால்தான் அதிகாரம் உள்ளவரிடம் கேட்க வேண்டும். பங்குத்தந்தைக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் 1196-இல் இருக்கிறது. எப்படியானாலும் மனச்சாந்திக்காக அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. எங்கள் சாமி கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த வியாதி உனக்கு எதனால வந்துச்சு?"

அந்தக் கேள்வியிலிருந்து புது நேர்ச்சை பிறந்தது. அவளுக்குச் சின்ன வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து, சில வாரம் கழித்து மூட்டு மூட்டாக வீங்கியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வருகிற தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். அது வால்வில் தழும்பை விட்டுவிட்டுப் போகும், பல வருஷம் கழித்துத்தான் மூச்சுத் திணறலாகத் தெரியும். தொண்டைப் புண்ணுக்கு உரிய நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். "எங்க தெருப் பிள்ளைங்க யாருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தாலும் டாக்டரிடம் காட்ட வைப்பேன்" என்று அவள் வாக்குக் கொடுத்தாள். இவளால் இனி ரத்ததானம் செய்ய முடியாது என்பதால், அந்தக் கடனை அவள் கணவரும் தம்பியும் ஏற்றுக்கொண்டார்கள். வேளாங்கண்ணிக்கு பஸ்ஸில் போய் உட்கார்ந்து பூசை பார்த்து வருவதாக முடிவாயிற்று.

நல்ல வாக்கு எது என்று கண்டுபிடிக்க மூன்று கேள்வி கேட்டுக்கொள். இதை டாக்டரிடம் சொன்னால் வேண்டாம் என்பாரா? செய்து முடித்தேனா இல்லையா என்று எனக்கே தெளிவாகத் தெரியுமா? இதனால் இன்னொருவருக்கு நன்மை உண்டா?

8. மூச்சுக்கு ஏற்றபடி வரியை வெட்டு

மார்பைத் திறந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார். எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ அங்கே முற்றுப்புள்ளி வை. ஒரு வரிக்கு ஒரு மூச்சு. மொத்தம் இருநூறு வார்த்தைக்குள் முடித்துக்கொண்டால் நிறுத்தி நிதானமாக வாசித்தாலும் மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுது. வாசக மேடை உயரமாக இருந்தால் நாற்காலி போடச் சொல், உட்கார்ந்து வாசிப்பதில் தப்பில்லை. இருமல் வந்தால் நெஞ்சோடு அணைக்க ஒரு சின்னத் தலையணையை வைத்துக்கொள். இன்னொரு நகல் உன் வீட்டார் ஒருவரிடம் இருக்கட்டும். அழுகை வந்து நின்றால் அவர் அந்த வரியிலிருந்து தொடர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சித்தி மகள் கடைசியில் வாசித்தது

ஆண்டவரே,
சின்ன வயதில் எனக்குத் தொண்டை வலி வந்தது.
யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.
அது என் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது எங்களுக்குத் தெரியாது.

போன வருஷம் இந்தக் கோயில் படி ஏற மூச்சு வாங்கியது.
ராத்திரி படுக்க முடியவில்லை.
மூன்று தலையணை வைத்து, சாய்ந்தே தூங்கினேன்.
மிஷின் மிதிக்கத் தெம்பு இல்லை.
பயந்தேன், ஆண்டவரே.
சின்னவள் பத்தாவது முடிக்கும் வரைக்குமாவது விடும் என்று கேட்டேன்.

அன்று என் இதயத்தை நிறுத்தினார்கள்.
72 நிமிஷம் அது துடிக்கவில்லை.
வெளியே என் வீட்டுக்காரருக்கு ஜெபம் வரவில்லை.
வெறும் மணியை உருட்டினார். அதையும் நீர் கேட்டீர்.

என் இதயத்துக்குள் துணி வைத்துத் தைத்தார்கள்.
நானும் தைக்கிறவள். அந்தத் தையலுக்கு நன்றி.
என்னைத் தூங்க வைத்து எழுப்பியவருக்காக நன்றி.
மிஷினை ஓட்டியவருக்காக நன்றி.
பெயர் தெரியாத மூன்று பேரின் ரத்தத்துக்காக நன்றி.
என் விரிப்பை மாற்றிய ஆயாம்மாவுக்காக நன்றி.

என்னோடு இருந்து, வீடு திரும்பாதவர்களை உம்மிடம் வைத்துக்கொள்ளும்.
அவர்கள் வீட்டாரைத் தேற்றும்.

இதுவரை கொண்டு வந்தீர்.
இனி தினமும் மாத்திரை எடுக்க வேண்டும்.
மறக்காமல் எடுக்க எனக்கு நினைவு தாரும்.

எங்கள் தெருவில் தொண்டை வலியும் காய்ச்சலுமாக ஒரு பிள்ளை இருந்தால்,
டாக்டரிடம் காட்ட வைப்பேன். கூட ஆள் இல்லாவிட்டால் நானே போவேன்.
ஆரோக்கிய அன்னையே, இந்த வாக்கை நான் காக்க வேண்டிக்கொள்ளும். ஆமென்.

பூசை முடிந்த பிறகு இந்தத் தாளை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிடாதே. பின்பக்கத்தில் தேதி போட்டு, வால்வு அட்டையும் ஐ.என்.ஆர். நோட்டும் இருக்கிற அதே ஃபைலில் போடு. பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ போகும்போது அந்த ஃபைல் கையில் இருந்தாக வேண்டும். கிருமி வால்வுக்குப் போகாமல் இருக்க முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் வேண்டுமா, மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஐ.என்.ஆர். எழுத நோட்டை எடுக்கிற ஒவ்வொரு முறையும் கொடுத்த வாக்கும் கண்ணில் படும். நிறைவேற்றியதை நடுநடுவே தேதியோடு அந்தத் தாளின் பின்னாலேயே எழுதி வா. சித்தி மகள் தாளில் இப்போது எதிர்வீட்டுப் பையன் பெயரும், பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருக்கின்றன.